கடன் வரலாறு இல்லாமல் டர்பனில் வாடகை வீடு கேட்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். சென்னையில் வீடு பார்த்த அனுபவத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். அங்கே வீட்டுக்காரர் உங்களை எதிரே உட்காரவைத்து எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பேர் என்று கேட்டு, முகத்தைப் பார்த்து முடிவு செய்வார். இங்கே பெரும்பாலும் வீட்டுக்காரரை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். உங்களுக்காகப் பேசுவது நான்கைந்து பக்கப் படிவமும் அதன் பின்னால் இணைத்த தாள்களும்தான். அதை வாசிக்கிறவர் ஒரு வாடகை முகவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற ஒருவர். ஒரே வீட்டுக்கு ஏழெட்டு விண்ணப்பம் வந்திருக்கும். உங்களுடையதற்கு நான் தரும் நேரம் பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் உங்கள் வாழ்க்கை வரலாற்றைப் படிப்பதில்லை. ஒரு தாளை இன்னொரு தாளோடு வைத்துப் பார்க்கிறேன். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் சம்பளச் சீட்டிலும் இருக்கிறதா? சம்பளச் சீட்டில் உள்ள தொகைதான் வங்கியில் விழுந்திருக்கிறதா? வேலையில் சேர்ந்ததாகச் சொன்ன தேதியும் விசாவின் தேதியும் ஒத்துப்போகின்றனவா? உள்ளூர்க்காரர் என்றால் இவற்றில் ஒன்று இடித்தாலும் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கை அவரைத் தாங்கிப் பிடிக்கும். வாடகைதாரர்களுக்கென்றே டிபிஎன் என்ற தகவல் நிறுவனம் இங்கே இருக்கிறது. முந்தைய வீட்டில் வாடகையை ஒழுங்காகக் கட்டினாரா என்பது அதில் தெரியும். போன மாதம் வந்திறங்கிய உங்கள் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டால் வருவது வெறும் பக்கம். கெட்ட பெயர் இல்லை, நல்ல பெயரும் இல்லை. ஆகவே உங்கள் தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதுதான் உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி.

இதை ஒருவரை வைத்தே விளக்குகிறேன். முத்துக்குமார் என்று அழைப்போம். மதுரைப் பக்கம். அம்ஷ்லங்காவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிப்ரவரி நடுவில் சேர்ந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் மஸ்கிரேவ் பகுதியில் மாதம் 11,000 ரேண்ட் வாடகையில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு விண்ணப்பிக்கிறார். மனைவியும் குழந்தையும் மே மாதம் வரப்போகிறார்கள். பெயர் மட்டும் கற்பனை. சிக்கல்கள் எல்லாம் என் மேசைக்கு வருபவை.

முதல் வரியிலேயே வரும் தடங்கல்: பெயர்

படிவத்தின் முதல் கட்டம் ‘சர்நேம்’. நம்மில் பலருக்கு அப்படி ஒன்று கிடையாது. 1860-இல் சென்னையிலிருந்து வந்த முதல் கப்பல் தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியில் பிள்ளை, நாயுடு, கவுண்டர், முதலியார் எல்லாம் இங்கே குடும்பப் பெயராக உறைந்துவிட்டன. எழுத்தும் உச்சரிப்பும்கூட மாறிவிட்டன. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணின் சட்டையில் ‘பிள்ளை’ என்று பெயர் வில்லை இருக்கும். அதைப் பார்த்து மகிழ்ந்து தமிழில் தொடங்குவீர்கள். அவர் ஆங்கிலத்தில், “உங்கள் சர்நேம் என்ன அங்கிள்?” என்பார். “எனக்கு அது இல்லை” என்று நீங்கள் சொன்னால் அவருக்கு விளங்காது. அவர் பாட்டனாருக்கும் இல்லாமல்தான் இருந்தது என்பது வேறு கதை.

முத்துக்குமாரின் இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. இயற்பெயர் என்ற இடத்தில் ‘முத்துக்குமார் சண்முகம்’ என்று இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. நிறுவனம் தன் கணினிக்காக ‘சண்முகம்’ என்பதைக் குடும்பப் பெயராக்கிவிட்டது. ஆகவே சம்பளச் சீட்டில் ‘திரு எம். சண்முகம்’. வங்கி வேறு மாதிரி பிரித்தது. அங்கே ‘திரு எஸ். முத்துக்குமார்’. வாசிக்கும் எனக்கு இவர்கள் இரண்டு மனிதர்கள். ஒருவர் சம்பாதிக்கிறார், இன்னொருவர் கணக்கு வைத்திருக்கிறார். போலிச் சம்பளச் சீட்டு தயாரிக்கிறவர்களின் தாள்களிலும் இதே குறைதான் இருக்கும் என்பதால், அவசரத்தில் இருக்கும் முகவர் அங்கேயே ஒதுக்கிவிடுவார்.

செய்ய வேண்டியது இது. படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, அதே வரிசையில், அதே எழுத்துக்கூட்டலில் முழுப்பெயரை எழுதுங்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றால் உங்கள் வங்கிக் கணக்கில் எது குடும்பப் பெயராக இருக்கிறதோ அதையே போடுங்கள். பிறகு ஒரு பிரமாணப் பத்திரம் எழுதுங்கள். இந்த மூன்று வடிவங்களும் இந்த எண்ணுள்ள பாஸ்போர்ட்டை வைத்திருக்கும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று நான்கு வரி போதும். அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போனால் அதிகாரி முன் கையெழுத்திட்டு முத்திரை வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் கிடையாது. கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகாதீர்கள், அவர் கண்முன்தான் போட வேண்டும். பாஸ்போர்ட், விசா ஆகியவற்றின் நகல்களுக்கும் அதே நடையில் சான்று முத்திரை வாங்கிவிடுங்கள். பெரும்பாலான அலுவலகங்கள் மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையை ஏற்பதில்லை.

விசாவைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டவிரோதமாக நாட்டில் இருக்கும் வெளிநாட்டவருக்கு வீடு கொடுப்பதைக் குடிவரவுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு தடுக்கிறது. அதனால்தான் முகவர்கள் விசாவின் முடிவுத் தேதியைத் தேடுகிறார்கள். உங்களை அவமதிக்க அல்ல. விசா முடிய எட்டு மாதமே இருக்கும்போது பன்னிரண்டு மாத ஒப்பந்தம் கேட்டால் கேள்வி வரும். நீங்களே முந்திக்கொண்டு எட்டு மாதம் கேளுங்கள், அல்லது புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால் அதற்கான ரசீதை இணைத்துவிடுங்கள்.

மணநிலை என்ற சின்னக் கட்டம்

இதைக் கடந்துபோய்விடலாம் என்று பார்த்தேன், ஆனால் வாரத்துக்கு ஒருவராவது இதில் தவறு செய்கிறார். மணமானவரா என்பதற்குக் கீழே ‘கம்யூனிட்டி ஆஃப் பிராப்பர்ட்டி’ உண்டா இல்லையா என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். ‘கம்யூனிட்டி’ என்றதும் சாதி, சமூகம் என்று நினைத்து நம்மவர்கள் ‘உண்டு’ என்பதில் குறியிட்டுவிடுகிறார்கள். அது கேட்பது கணவன் மனைவியின் சொத்தும் கடனும் சட்டப்படி ஒரே பொதுச் சொத்தா என்பதை. தென்னாப்பிரிக்காவில் தனி ஒப்பந்தம் எழுதாமல் மணந்தவர்களுக்கு அது பொதுச் சொத்து. இந்தியாவில் நடந்த நம் திருமணங்களில் அப்படி ஆவதில்லை. ‘வெளிநாட்டுச் சட்டப்படி மணம்’ என்ற கட்டம் இருந்தால் அதில் குறியிடுங்கள். இல்லையென்றால் ஓரத்தில் அப்படியே எழுதுங்கள். தவறாகக் குறியிட்டால், இன்னும் ஊருக்கு வராத உங்கள் மனைவியின் கையெழுத்தையும் சம்மதத்தையும் கேட்டு விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

குடியிருக்கப் போகிறவர்கள் பட்டியலில், பிறகு வரப்போகிறவர்களையும் இப்போதே எழுதிவிடுங்கள். மனைவி, குழந்தை, ஆண்டில் மூன்று மாதம் வந்து தங்கும் அம்மா எல்லோரையும்தான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு வீட்டில் எத்தனை பேர் என்பதற்கு விதி உண்டு. மறைத்துவிட்டுப் பிறகு சிக்கினால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும்.

வருமானச் சான்று

முகவர்கள் வழக்கமாகக் கேட்பது கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளும், அதே மூன்று மாதங்களுக்கு வங்கி முத்திரையிட்ட கணக்கு அறிக்கையும். அளவுகோல், வாடகை மொத்தச் சம்பளத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது. இது சட்டம் அல்ல, தொழில் வழக்கம். சில அலுவலகங்கள் கையில் வரும் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். எதை வைத்து என்று படிவம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

முத்துக்குமாரின் மொத்தச் சம்பளம் மாதம் 42,000 ரேண்ட். அதில் 30 சதவீதம் 12,600. வாடகை 11,000 என்பதால் தாராளமாகத் தேற வேண்டும். ஆனால் அவர் தேறவில்லை. ஏன் என்று பாருங்கள். பிப்ரவரி நடுவில் சேர்ந்ததால் முதல் சம்பளச் சீட்டில் 21,000 மட்டுமே இருந்தது. மார்ச் சீட்டில் 42,000. வாசித்தவர் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தார். சராசரி 31,500. அதில் 30 சதவீதம் 9,450. வாடகையோ 11,000. 1,550 ரேண்டில் விண்ணப்பம் கீழே விழுந்தது. சராசரி பார்ப்பது எங்கள் வழக்கம், ஏனென்றால் கூடுதல் நேர வேலைக்கும் தரகுக்கும் மாதாமாதம் தொகை மாறுகிறவர்களே அதிகம் வருவார்கள். அரை மாதச் சம்பளம் என்று அந்தச் சீட்டு தானாகச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

இதைத் தடுக்க ஒரே ஒரு தாள் போதும். நிறுவனத்தின் பெயர் பொறித்த தாளில் மனிதவளப் பிரிவு தரும் கடிதம். அதில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், சேர்ந்த தேதி, வேலை நிரந்தரமா இல்லை ஒப்பந்தமா, ஒப்பந்தம் என்றால் முடியும் தேதி, முழு மாத மொத்தச் சம்பளம், பிப்ரவரிச் சம்பளம் அரை மாதத்துக்கானது என்ற ஒரு வாக்கியம். கடைசியாக, கையெழுத்திட்டவரின் பெயரும் அலுவலகத் தொலைபேசி எண்ணும். கைப்பேசி எண் மட்டும் இருக்கும் கடிதத்தை நாங்கள் நம்புவதில்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணை நாங்களே எடுத்துத்தான் அழைப்போம். தகுதிகாண் காலத்தில் இருந்தால் அதையும் கடிதத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். தொலைபேசியில் கேட்கும்போது தெரியவந்தால் மறைத்ததாகத் தோன்றும்.

மூன்று சீட்டு இல்லாத குறையை ஈடுகட்ட, வேலை ஒப்பந்தத்தில் சம்பளம் குறித்த பக்கத்தையும் கையெழுத்துப் பக்கத்தையும் இணையுங்கள். இந்தியாவில் கடைசியாக வாங்கிய சம்பளச் சீட்டுகளையும் சேர்க்கலாம். அவற்றை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் இடைவெளியில்லாமல் வேலையில் இருந்தவர் என்பது தெரியும். ரூபாயை ரேண்டாக மாற்றிப் பெருமையாக எழுதி வைக்க வேண்டாம்.

வங்கி அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பத்து நிமிடத்தில் பாதி அதில்தான் போகிறது. நான் முதலில் தேடுவது சம்பளம் விழுந்த வரி. சம்பளச் சீட்டின் அடியில் கையில் தரும் தொகை 31,460.25 என்று இருந்தால் வங்கியிலும் 31,460.25 விழுந்திருக்க வேண்டும், சதம் பிசகாமல். அனுப்பியவர் பெயரும் நிறுவனத்தின் பெயராக இருக்க வேண்டும். அடுத்து, மாதத் தவணைகள் எடுக்கப்பட முயன்று பணமில்லாமல் திரும்பிய வரிகளைப் பார்ப்பேன். அப்படி ஒன்று இருந்தாலே வாடகையும் அப்படித் திரும்பும் என்றுதான் எந்த வீட்டுக்காரரும் நினைப்பார். மூன்றாவது, விண்ணப்பத்துக்கு இரண்டு நாள் முன்னால் திடீரென்று விழுந்த பெருந்தொகை. கணக்கு நிறைவாகத் தெரியட்டும் என்று நண்பரிடம் 30,000 வாங்கிப் போட்டு, மறுவாரம் திருப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அது உதவாது. மாறாக, எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கொண்டுவரும். உண்மையான காரணம் இருந்தால், உதாரணமாக நிறுவனம் தந்த இடமாற்றப் படித்தொகை என்றால், தனித் தாளில் ஒரு வரி எழுதி இணைத்துவிடுங்கள்.

அறிக்கையை வங்கியின் செயலியிலேயே முத்திரையோடு மின்னஞ்சலுக்கு வரவழைக்கலாம். வந்த கோப்பை அப்படியே அனுப்புங்கள். கைப்பேசித் திரையைப் படம் பிடித்து அனுப்பினாலும், அந்தரங்கம் என்று சில வரிகளைக் கறுப்படித்து அனுப்பினாலும், பக்கங்களில் மூன்றாவதைக் காணவில்லை என்றாலும் அது வராததற்குச் சமம். உங்கள் தகவல்களை வாடகை முடிவுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்துகிறது. கவலையாக இருந்தால் நிராகரிக்கப்பட்டபின் தாள்களை அழிக்கும்படி எழுதிக் கேட்கலாம். எத்தனை பேர் கேட்கிறார்கள் தெரியுமா? என் நினைவில் இருவர்.

யார் உங்களைப் பற்றிச் சொல்வார்?

பரிந்துரையாளர் பகுதியில் முந்தைய வீட்டுக்காரர், வேலையிட மேலாளர், ‘நெக்ஸ்ட் ஆஃப் கின்’ எனும் நெருங்கிய உறவினர் என்று மூன்று இடங்கள் இருக்கும். மூன்றும் மூன்று வேலைக்கு. கடைசியில் இருப்பது உங்களுக்கு நற்சான்று தர அல்ல. நீங்கள் தொலைபேசி எடுக்காதபோது யாரை அழைப்பது என்பதற்காக. உங்களோடு அதே வீட்டில் வசிக்காதவராக இருக்க வேண்டும். மதுரையில் இருக்கும் அப்பாவை எழுதுவதில் தவறில்லை, கூடவே டர்பனில் இருக்கும் ஒருவரையும் எழுதுங்கள். இந்த இடத்தில் சக ஊழியர் போதும்.

முந்தைய வீட்டுக்காரர்தான் முக்கியமானவர். தென்னாப்பிரிக்காவில் உங்களுக்கு அப்படி ஒருவர் இல்லை. அதற்காகக் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள், அல்லது சித்தப்பாவின் எண்ணைக் கொடுத்து ‘வீட்டுக்காரர்’ என்கிறார்கள். இரண்டும் வேண்டாம். நாங்கள் கேட்கும் கேள்விகள் எளியவை: வாடகை எவ்வளவு, தாமதமானதா, பாக்கி இருக்கிறதா, வீட்டை எந்த நிலையில் விட்டுச் சென்றார், மறுபடி கொடுப்பீர்களா. சித்தப்பா முதல் கேள்வியிலேயே தடுமாறுவார்.

முத்துக்குமார் சென்னையில் வேளச்சேரியில் நான்கு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தார். அந்த வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கச் சொன்னேன். எந்தத் தேதியிலிருந்து எதுவரை, மாத வாடகை எவ்வளவு, பாக்கி ஏதும் இல்லை, முன்பணம் முழுதும் திருப்பித் தரப்பட்டது. இவ்வளவுதான். அந்தக் கடைசி வரி மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. முன்பணம் முழுதாகத் திரும்பியது என்றால் வீடு கெடவில்லை என்று பொருள். கூடவே அவர் வாடகை அனுப்பிய ஆறு மாத வங்கி வரிகளை மஞ்சள் கோடிட்டு இணைத்தார். கடிதத்தை யாரும் எழுதலாம். வங்கி வரிகளை எழுத முடியாது.

தொலைபேசி எண்ணை எழுதும்போது 91 என்ற நாட்டு எண்ணோடு எழுதுங்கள். இந்திய நேரம் இங்கத்தைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். நான் பிற்பகல் நான்கு மணிக்கு அழைத்தால் அங்கே இரவு ஏழரை. ஆகவே ‘தென்னாப்பிரிக்க நேரம் பிற்பகல் 2 மணிக்கு முன்’ என்று எண்ணுக்குப் பக்கத்தில் குறித்துவிடுங்கள். வீட்டுக்காரரிடமும் 27-இல் தொடங்கும் எண்ணிலிருந்து அழைப்பு வரும், மோசடி என்று துண்டித்துவிடாதீர்கள் என்று சொல்லி வையுங்கள். நான் இரண்டு முறை துண்டிக்கப்பட்டிருக்கிறேன்.

வந்திறங்கியதிலிருந்து இதுவரை விருந்தினர் விடுதியிலோ நண்பர் வீட்டின் ஓர் அறையிலோ இருந்திருந்தால் அதுவும் கணக்கில் உண்டு. விடுதி ரசீதுகளை இணையுங்கள். நண்பர் வீடு என்றால், நீங்கள் அங்கே வசிப்பதாக அவர் ஒரு பிரமாணப் பத்திரம் தந்து, மூன்று மாதத்துக்குள் வந்த அவருடைய தண்ணீர் அல்லது மின்சாரக் கட்டண ரசீதையும் தர வேண்டும். முகவரிச் சான்றுக்கு அதுவே போதும். நிதிப் புலனாய்வு மையச் சட்டத்தைக் காட்டி முகவர்கள் அதைக் கேட்பார்கள். இங்கே எல்லோரும் அந்தச் சட்டத்தை ‘ஃபிகா’ என்று சுருக்கிச் சொல்வார்கள்.

டெபாசிட்

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவருக்கு இங்கே ஒரு மாதம் அல்லது இரண்டு மாதம் என்று கேட்டதும் மகிழ்ச்சி பொங்கும். கடன் வரலாறு இல்லாதவரிடம் பெரும்பாலும் இரண்டு மாதம் கேட்பார்கள். கேட்பதற்கு முன்பே நீங்களாக அதைச் சொல்வது நல்ல உத்தி. படிவத்தில் ‘டெபாசிட்’ என்ற கட்டத்தில் ‘இரண்டு மாத வாடகை, தயாராக உள்ளது’ என்று எழுதி, பணம் இருக்கும் கணக்கின் அறிக்கையைக் காட்டுங்கள். ஆனால் ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்கூட்டித் தருகிறேன் என்று நீட்டாதீர்கள். வீட்டில் தண்ணீர் ஒழுகினால் வீட்டுக்காரரை அசைக்க உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

முத்துக்குமாருக்கு மே 1 அன்று நுழைய ஆகும் தொகை: டெபாசிட் 22,000, மே மாத வாடகை 11,000, ஒப்பந்தம் தயாரிக்கும் கட்டணமாக அந்த அலுவலகம் கேட்டது 1,500. மொத்தம் 34,500 ரேண்ட். மின்சாரம் முன்கட்டண மீட்டர் என்பதால் அதற்குத் தனி டெபாசிட் இல்லை. மாத நடுவில் நுழைந்தால் நாள் கணக்கில் வாடகை கேளுங்கள். ஏப்ரல் 16 அன்று நுழைந்திருந்தால் மீதி 15 நாளுக்கு 5,500 மட்டுமே.

ஊரிலிருந்து பணம் வரவழைப்பதாக இருந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை, அது எதற்காக வந்தது என்று நீங்கள் அறிவித்தபிறகே இங்குள்ள வங்கி கணக்கில் சேர்க்கும். அந்த அறிவிப்பைக் கேட்டு வரும் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து விட்டுவிட்டு, பணம் எங்கே என்று நான்கு நாள் தவிப்பவர்கள் உண்டு.

இனி எச்சரிக்கை. வீட்டை உள்ளே போய்ப் பார்க்கும் முன், ஒப்பந்தம் கையில் வரும் முன் ஒரு சதம்கூட அனுப்பாதீர்கள். “நான் கேப்டவுனில் இருக்கிறேன், டெபாசிட் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்” என்று எழுதுகிறவரிடம் சாவியும் இல்லை, வீடும் இல்லை. முகவர் என்றால் அவரிடம் சொத்துத் தொழில்முறையாளர் ஒழுங்குமுறை ஆணையம் தரும் நம்பிக்கை நிதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். காட்டச் சொல்வது உங்கள் உரிமை. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு வீடு பாருங்கள். வங்கிக் கணக்கு எண் மின்னஞ்சலில் வந்தால் அலுவலகத்தை நீங்களே அழைத்து எண்ணை ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். ‘எங்கள் வங்கி மாறிவிட்டது, புதிய எண் இது’ என்று ஒப்பந்தத்துக்குப் பிறகு வரும் மின்னஞ்சல் பெரும்பாலும் நடுவில் புகுந்த திருடனுடையது. அழைக்கும்போது அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

1999-ஆம் ஆண்டின் 50-ஆம் எண் வாடகை வீட்டுவசதிச் சட்டம் டெபாசிட்டை வெறும் நம்பிக்கைக்கு விடவில்லை. வீட்டுக்காரர் அதை வட்டி தரும் கணக்கில் போட வேண்டும். அந்த வட்டி சேமிப்புக் கணக்கு வட்டிக்குக் குறையக்கூடாது. எவ்வளவு வட்டி சேர்ந்திருக்கிறது என்று ஒப்பந்தக் காலத்தில் நீங்கள் எழுத்தில் கேட்கலாம். நீங்கள் தரும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தர வேண்டும். நுழையும் முன் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக் குறைகளைப் பட்டியலிட வேண்டும், அந்தப் பட்டியல் ஒப்பந்தத்தோடு இணைக்கப்படும். டர்பனில் அலமாரிகளுக்குள் தலையை விட்டு மோந்து பாருங்கள். ஈரக் காற்றில் பூஞ்சை பிடித்திருக்கும். கடற்கரைப் பக்கம் என்றால் சன்னல் கீல்களில் துரு இருக்கும். அதைப் பட்டியலில் எழுதாவிட்டால் ஓராண்டு கழித்து அது உங்கள் துரு.

வீட்டைக் காலி செய்யும்போது, ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மறுபடி சேர்ந்து பார்க்க வேண்டும். பாக்கியும் சேதமும் இல்லையென்றால் ஏழு நாளுக்குள் டெபாசிட்டும் வட்டியும் திரும்ப வேண்டும். பழுதுக்காகக் கழித்துக்கொண்டால் மீதி பதினான்கு நாளுக்குள், செலவு ரசீதுகளோடு. நீங்கள் வராமல் நழுவினால் அவருக்கு இருபத்தொரு நாள் அவகாசம் உண்டு. அவர் உங்களை அழைக்காமலே விட்டுவிட்டால், வீடு நல்ல நிலையில் இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டதாகச் சட்டம் கொள்ளும். தகராறு வந்தால் மாகாணத்தின் வாடகை வீட்டுவசதித் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

முத்துக்குமார் மூன்றாம் நாள் மறுபடி வந்தார். பெயர்ப் பிரமாணப் பத்திரம், அரை மாதச் சம்பளத்தை விளக்கும் கடிதம், வேளச்சேரிக் கடிதம் மூன்றையும் படிவத்தின் மேலேயே வைத்திருந்தார். அதே சம்பளம், அதே வாடகை. அன்று மாலையே வீட்டுக்காரர் சம்மதித்தார்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டிய வங்கிக் கணக்கு என்று ஓர் இடம் இருக்கும். இப்போதைய டர்பன் கணக்கை எழுதிவிட்டு மறந்துவிடாதீர்கள். பல வங்கிகள் விசா முடிந்ததும் கணக்கை முடக்கிவிடும். நாடு திரும்புகிறவர் ஒப்பந்தம் முடியும் நாளிலேயே விமானம் ஏறினால் டெபாசிட் முடங்கிய கணக்கில் போய் விழும். காலி செய்யும் அறிவிப்புக் கடிதத்திலேயே புதிய கணக்கு எண்ணை எழுதி, பெற்றுக்கொண்டதற்குப் பதில் வாங்கி வையுங்கள்.